அறுபதுக்கு வேண்டியதில் பாதி: ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒரு கோஸ்ட் கணக்கு

போன சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பொகவந்தலாவைக்கு வந்திருந்த என் சித்தி மகள், இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு 36 வயது. கொழும்பில் ஒரு ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 13 வருடமாக வேலை. "அண்ணே, நம்ம தோட்டத்து முன்பள்ளிக்கு டீச்சரா வரச் சொல்றாங்க. சம்பளம் இருபத்தஞ்சாயிரம்தான். வரலாமா, கூடாதா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அன்று இரவு அந்தக் கொப்பியில் நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கொழும்பிலோ வெளிநாட்டிலோ நல்ல சம்பளத்தில் இருந்துகொண்டு, ஊரில் மனதுக்குப் பிடித்த குறைந்த சம்பள வேலைக்குத் திரும்பலாமா என்று யோசிக்கிற யாரும் தங்கள் எண்களை வைத்து இதைப் போட்டுப் பார்க்கலாம்.

எதைக் 'கோஸ்ட்' என்கிறோம்

சைக்கிளில் மேட்டை ஏறி முடித்த பிறகு பெடல் மிதிக்காமல் இறக்கத்தில் அப்படியே போவதை ஆங்கிலத்தில் 'கோஸ்ட்' என்பார்கள். பண விஷயத்திலும் அதே அர்த்தம்தான். இளம் வயதில் இறுக்கிச் சேமித்து ஒரு குறிப்பிட்ட தொகையை எட்டிவிட வேண்டும். அதன் பிறகு முதுமைக்கென்று புதிதாக ஒரு சதமும் சேர்க்காவிட்டாலும், அந்தத் தொகை கூட்டு வட்டியில் வளர்ந்து 60 வயதில் தேவைக்குப் போதுமானதாகிவிடும். அந்தத் தொகைக்குக் கோஸ்ட் தொகை என்று பெயர்.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறான புரிதலை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோஸ்ட் தொகையை எட்டுவது என்றால் வேலையை விட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லை. இன்றைய சோற்றுக்கும் கரண்ட் பில்லுக்கும் நீங்கள் உழைத்தே ஆக வேண்டும். முதுமைக்காகச் சேமிக்கும் சுமை மட்டும்தான் தோளில் இருந்து இறங்குகிறது. அதனால் மாதம் 1,85,000 ரூபாய் தரும் வேலைக்குப் பதிலாக, மாதச் செலவை ஈடுகட்டுகிற எந்த வேலையையும் எடுக்கலாம். சேர்த்து வைத்ததில் கை வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

முதல் படி: அறுபது வயதில் மாதம் எவ்வளவு, இன்றைய விலையில்

60 வயதில் ஒரு கிலோ அரிசி என்ன விலை விற்கும் என்று யோசிக்க வேண்டாம். அந்த வயதில் நீங்கள் வாழப்போகும் வாழ்க்கையை இன்றைக்கு வாழ்ந்தால் மாதம் எவ்வளவு செலவாகும் என்று மட்டும் எழுதுங்கள். விலைவாசியைப் பிறகு வேறு இடத்தில் கவனித்துக்கொள்வோம்.

தங்கச்சி எழுதிய பட்டியல் இதுதான். சாப்பாடும் கேஸும் 20,000. கரண்ட், தண்ணீர், போன் 5,000. மருந்து, டாக்டர் 10,000. அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனால் ஏதாவது பெரிதாக வந்தால் கண்டிக்குப் போய்வர வேண்டும், சில பரிசோதனைகளை வெளியில் செய்ய வேண்டும். பஸ், ஆட்டோ 4,000. நல்லது கெட்டது, கோயில், துணிமணி 5,000. வீட்டுப் பராமரிப்பு 6,000. மொத்தம் 50,000 ரூபாய்.

வீட்டுப் பராமரிப்பை அவள் முதலில் எழுதவில்லை. நான்தான் எழுதச் சொன்னேன். மலையகத்தில் கூரைத் தகரமும் மழையும் ஒன்றையொன்று விடாது. அதைவிட முக்கியம், அந்த வீடு யாருடையது என்ற கேள்வி. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம், அதற்கு உங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் கிடையாது. கொழும்பில் அல்லது கண்டியில் சொந்த வீடு உள்ள ஒருவர் போடும் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொண்டால் இந்த இடத்தில் ஏமாந்துபோவோம். 60 வயதில் எங்கே படுப்பீர்கள் என்பதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் பட்டியலில் வாடகையைச் சேர்த்துவிடுங்கள். தங்கச்சியின் பெற்றோர் இருப்பது ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீடு. தம்பிக்கும் அவளுக்கும் பாதிப் பாதி என்று வாய்ப்பேச்சு இருக்கிறது. அதை எழுத்தில் கொண்டுவருவதுதான் அவளுடைய முதல் வேலை என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தோம்.

இரண்டாம் படி: அந்த 50,000க்கு எவ்வளவு பெரிய தொகை வேண்டும்

மாதம் 50,000 என்றால் வருடத்துக்கு 6 லட்சம். அதை 25ஆல் பெருக்கினால் 1 கோடியே 50 லட்சம். இதுதான் 60 வயதில் கையில் இருக்க வேண்டிய இலக்கு, இன்றைய பண மதிப்பில்.

ஏன் 25? அமெரிக்காவில் 1990களில் பழைய சந்தை விவரங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் இருந்து இந்த எண் வந்தது. சேமிப்பின் 4 வீதத்தை முதல் வருடம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்பது அதன் சாரம். அந்த நாட்டுப் பங்குச் சந்தை நம்முடையது இல்லை, அதனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. ஆனால் கையாலேயே சரிபார்க்கலாம். 60இல் இருந்து 90 வரை 30 வருடம். பணம் விலைவாசியைவிட வருடத்துக்கு 1 வீதத்துக்குச் சற்று மேல் வளர்ந்தாலே, வருடச் செலவைப் போல 25 மடங்கு அந்த 30 வருடத்தையும் ஓட்டிவிடும். அந்த அளவு வளர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயம் என்று நினைக்கிறேன். 50 வயதிலேயே எடுக்கத் தொடங்குகிறவருக்கு 25 போதாது, குறைந்தது 30 மடங்கு வேண்டும்.

மூன்றாம் படி: வளர்ச்சி வீதம். எல்லாரும் விழும் இடம் இதுதான்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நானே விழுந்திருக்கிறேன்.

2019இல், 38 வயதில், கொழும்பு வேலையை விட்டு ஹட்டனுக்கு வந்தேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை. அப்போது என் மாதச் செலவு 25,000. இலக்கு 75 லட்சம். வங்கியில் 10 வீத வட்டி கிடைக்கும் என்று வைத்து 22 வருடத்துக்குக் கணக்குப் போட்டேன். கையில் 9 லட்சத்துச் சொச்சம் இருந்தாலே போதும் என்று வந்தது. என்னிடம் 20 லட்சம் இருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறதே என்று சந்தோஷமாக மூட்டை கட்டினேன்.

இலக்கை இன்றைய விலையில் எழுதிவிட்டு, வளர்ச்சியை மட்டும் விலைவாசியைக் கழிக்காத வட்டியில் போட்டதுதான் என் தவறு. இரண்டும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும். பிறகு 2022 வந்தது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருடத்துக்கு ஈபிஎப் கொடுத்த வட்டி 9 வீதம். 25,000இல் ஓடிய வீடு 50,000 கேட்க ஆரம்பித்தது. 2021இல் ஒற்றை இலக்க வட்டிக்கு நீண்ட காலம் போட்டு வைத்த என் வைப்புப் பணம், வெளியே திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியபோதும் அசையாமல் கிடந்தது. பகலில் வகுப்பு, இரவில் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை என்று இரண்டு வருடத்துக்கு மேல் ஓடித்தான் ஓட்டையை அடைத்தேன்.

ஆகவே வட்டியில் இருந்து பணவீக்கத்தைக் கழித்து மிஞ்சுவதை மட்டும் கணக்கில் எடுங்கள். இதை உண்மை வளர்ச்சி என்று சொல்லிக்கொள்வோம். ஈபிஎப், வைப்பு, திறைசேரி முறி, கொஞ்சம் பங்கு என்று கலந்து வைத்திருக்கும் இலங்கைக்காரருக்கு நான் 3 வீதத்துக்கு மேல் போட மாட்டேன். சில வருடம் அதைவிட நிறையக் கிடைக்கும், 2022 போன்ற வருடத்தில் பெரிய கழிவு வரும்.

3 வீதம் என்றால் 24 வருடத்தில் பணத்தின் வாங்கும் சக்தி இரண்டு மடங்காகிறது. தங்கச்சிக்கு 60 வயதாக இன்னும் சரியாக 24 வருடம் இருக்கிறது. அப்படியென்றால் அவளுக்கு இன்று வேண்டியது 1 கோடியே 50 லட்சத்தில் ஏறக்குறையப் பாதி. கணினி விரிதாளில் போட விரும்புகிறவர்களுக்கு இதோ:

```
=15000000/(1+0.03)^24
```

விடை சுமார் 73 லட்சத்து 80 ஆயிரம். அதுதான் அவளுடைய கோஸ்ட் தொகை.

அதே வரியில் 0.03க்குப் பதிலாக 0.07 போட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் அமெரிக்கப் பங்குகளை வைத்துப் போடும் எண் அது. விடை சுமார் 29 லட்சத்து 60 ஆயிரம். விலைவாசியைக் கழிக்காமல் 12 வீத வட்டி என்று 0.12 போட்டால் 10 லட்சத்துக்கும் குறைவு. ஒரே பெண், ஒரே இலக்கு. ஒரு எண் மாறியதால் 74 லட்சம் 10 லட்சமாகிவிடுகிறது. "10 லட்சம் சேர்த்தால் போதும், மீதியைக் கூட்டு வட்டி பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால், எந்த வீதம் போட்டார், விலைவாசியைக் கழித்தாரா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். மத்திய வங்கி குறிவைக்கும் 5 வீதப் பணவீக்கமே 24 வருடம் நீடித்தால்கூட இன்றைய 50,000 ரூபாய்ச் செலவு 1,61,000 ரூபாய் ஆகிவிடும்.

3 வீதமும் கிடைக்காமல் 2 வீதம்தான் கிடைத்தால்? 60 வயதில் அவள் கையில் இன்றைய மதிப்பில் 1 கோடியே 18 லட்சம் இருக்கும். மாதம் 39,500 வரும். 50,000 இல்லை, ஆனால் பட்டினியும் இல்லை. இந்த விடையோடு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று அவளைக் கேட்டேன். கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முடியும்ண்ணே, அப்ப நான் 60க்குப் பிறகும் டியூஷன் சொல்லிக் கொடுப்பேன்" என்றாள். இந்தக் கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால் இன்னும் சில வருடம் கொழும்பிலேயே இருந்து சேர்ப்பதுதான் சரி.

வயது எவ்வளவு முக்கியம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இதே இலக்குக்கு 25 வயதுக்காரருக்கு 53 லட்சம் போதும், 45 வயதுக்காரருக்கு 96 லட்சம் வேண்டும்.

நான்காம் படி: கையில் இருப்பதில் எதை எண்ணுவது

தங்கச்சியின் ஈபிஎப்பில் 34 லட்சம். ஈடிஎப்பில் 5 லட்சம். வங்கி வைப்பில் 15 லட்சம். திறைசேரி உண்டியலில் 9 லட்சம். எட்டுப் பவுன் நகை. அலுவலகத் தோழிகளோடு போடும் சீட்டு ஒன்று.

நகையை எண்ணவில்லை. அது அவள் போடுவதற்கு, அல்லது அவசரத்துக்கு அடகு வைப்பதற்கு. சீட்டையும் எண்ணவில்லை, எடுத்தவுடன் கரைந்துவிடும் பணம் அது. வைப்பில் 3 லட்சத்தை ஆறு மாதச் செலவுக்கான ஒதுக்கு என்று தனியாக வைத்தோம். மிஞ்சியது 34, 5, 12, 9. மொத்தம் 60 லட்சம். குறைவது 13 லட்சத்து 80 ஆயிரம்.

ஈபிஎப்பை எண்ணலாமா, அது கைக்கு வராதே என்று சிலர் கேட்பார்கள். கோஸ்ட் கணக்குக்கு அதைவிடப் பொருத்தமான பெட்டி இல்லை. நீங்கள் 8, முதலாளி 12 என்று சம்பளத்தில் 20 வீதம் உள்ளே போகிறது. வேலையை விட்டாலும் நிலுவை அங்கேயே இருந்து வருடா வருடம் வட்டி ஏறுகிறது. பெண்கள் 50, ஆண்கள் 55 வயதில் வேலையை விட்டு விலகும்போது எடுக்கலாம். நடுவில் எளிதாகத் தொட முடியாது என்பதுதான் அதன் பலம்.

ஆனால் மூன்று ஓட்டைகளைக் கவனிக்க வேண்டும். திருமணத்தைக் காரணம் காட்டி வேலையை விடும் பெண்கள் ஈபிஎப்பை முழுதாக எடுக்க முடியும். நம் பக்கத்தில் எத்தனையோ பெண்களின் பத்து வருட உழைப்பு கல்யாண மண்டபத்தோடு முடிந்திருக்கிறது. அடுத்தது, வீடு கட்டவும் மருத்துவத்துக்கும் நிலுவையில் 30 வீதம்வரை முன்கூட்டியே எடுக்கும் வசதி. அதை எடுத்தால் கோஸ்ட் கணக்கை அன்றைக்கே மறுபடி போட வேண்டும். மூன்றாவது ஈடிஎப். முதலாளி கட்டும் 3 வீதம் அது, வேலையை விட்டதும் எடுத்துக்கொள்ளலாம். தங்கச்சி அந்த 5 லட்சத்தில் ஒரு ஸ்கூட்டி வாங்க நினைத்திருந்தாள். இன்றைய 5 லட்சம் 60 வயதில் 10 லட்சத்தின் வேலையைச் செய்யும் என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன். எடுத்தால் நேராகத் திறைசேரி முறிக்குப் போக வேண்டும் என்று முடிவானது.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை வேலையை விடும் முன்பே செய்ய வேண்டும். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, ஈபிஎப்பில் மூன்றாவது எழுத்து என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். தோட்டத்துக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. பணம் கேட்டு 'கே' படிவம் கொடுக்கும் நாளில்தான் இது வெடிக்கும். அதனால் இப்போதே ஈபிஎப் பி கார்டை எடுத்து அடையாள அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், உங்களைத் தெரிந்த முதலாளி இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். கணக்குக் கூற்றையும் சம்பளச் சிட்டையையும் மாதம் மாதமாக ஒத்துப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு நிதிக்குக் கட்டாத முதலாளிகள் உண்டு. மாதங்கள் விடுபட்டிருந்தால் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். தங்கச்சியின் கூற்றில் பழைய வேலையில் நான்கு மாதம் காணவில்லை. 13 வருடத்தில் அவள் ஒருமுறைகூட அதை ஒத்துப் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: எத்தனை மாதம் இன்னும் மிதிக்க வேண்டும்

அவளுடைய சம்பளத்தில் இருந்து ஈபிஎப்புக்கு 37,000, ஈடிஎப்புக்கு 5,550, கையில் இருந்து 45,000. மாதம் மொத்தம் 87,550 சேர்கிறது. 13 லட்சத்து 80 ஆயிரத்தை அதால் வகுத்தால் சுமார் 16 மாதம்.

"இருக்குற 60 லட்சம் வளருமே, அப்ப இன்னும் சீக்கிரம் முடியாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வளரும், ஆனால் கோஸ்ட் தொகையும் அதே வேகத்தில் ஏறும். ஒரு வருடம் போனால் 24 வருடம் 23 ஆகிவிடுகிறது, அதனால் வேண்டிய தொகை 3 வீதம் கூடுகிறது. கையில் இருப்பதும் 3 வீதம் கூடுகிறது. நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவது புதிதாகப் போடும் பணம் மட்டும்தான். ஆகவே கடைசிக் காலத்தில் வட்டியை நம்பிச் சேமிப்பைத் தளர்த்தினால் எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகும்.

பணத்தை எங்கே வைப்பது

இதில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம், ஆனால் சிலவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஈபிஎப் பெரும்பாலும் அரசாங்க முறிகளில்தான் முதலிட்டிருக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அது வைத்திருந்த முறிகளில் பெரும்பகுதி நீண்ட கால முறிகளாக மாற்றப்பட்டது. அதனால் மற்றப் பணத்தையும் முழுதாக ஒரே கூடையில் போடாதீர்கள். நானாக இருந்தால் ஈபிஎப்புக்கு வெளியே உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை, இருபது வருடம் தொடத் தேவையில்லாததை, பங்குகளில் முதலிடும் யூனிட் ட்ரஸ்ட் ஒன்றில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன். ஒரு வருடத்தில் பாதியாகக் குறைந்தாலும் விற்காத மனம் இருக்கிறவருக்கு மட்டும் இது.

மீதி வைப்பிலும் திறைசேரி உண்டியல், முறிகளிலும் இருக்கலாம். முதிர்வுத் தேதிகளைப் பிரித்து வையுங்கள். உண்டியல்கள் 91, 182, 364 நாளுக்குக் கிடைக்கின்றன, முறிகள் பல வருடத்துக்கு. எல்லாம் ஒரே நாளில் முதிர்ந்தால் அன்றைய வட்டிக்கு மாட்டிக்கொள்வீர்கள். எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்குப் பூட்டினால் 2022இல் எனக்கு நடந்தது நடக்கும். உண்டியல் வாங்கினால், மத்திய வங்கியின் லங்கா செக்கியூர் பதிவில் அது உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் தரும் துண்டுக் காகிதம் மட்டும் போதாது.

வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரைதான். தங்கச்சி 15 லட்சத்தையும் ஒரே தனியார் வங்கியில் வைத்திருந்தாள். அதை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியைத் தேசிய சேமிப்பு வங்கிக்கு மாற்றச் சொன்னேன், அங்குள்ள வைப்புகளுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். ஆனால் வருட வருமானம் மொத்தமாக 18 லட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் அந்த எல்லைக்குள்தான் வருவாள். அந்தப் படிவத்தை மறந்தால் 3 வீத உண்மை வளர்ச்சியில் ஒரு கணிசமான துண்டு வரியாகப் போய்விடும்.

ஆறாம் படி: குறைந்த சம்பளத்தில் வாழ்ந்து பார்ப்பது

முன்பள்ளி தருவது 25,000. அது போதாது. மாலையில் பொகவந்தலாவை டவுனில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதினால் இன்னும் 25,000 வரும் என்று விசாரித்து வைத்திருக்கிறாள். பெற்றோர் வீட்டில் இருந்தால் அவள் பங்குச் செலவு 45,000க்குள் அடங்கும். கணக்கு ஒப்பேறுகிறது, ஆனால் காகிதத்தில்தான்.

அதனால் மூன்று மாதம் கொழும்பிலேயே ஒத்திகை பார்க்கச் சொன்னேன். போர்டிங் வாடகையைக் கழித்துவிட்டு, மீதிச் செலவு எல்லாவற்றையும் ஊரில் வரப்போகும் தொகைக்குள் முடிக்க வேண்டும். முதல் மாதமே தெரிந்தது, அவளுடைய பணம் போவது சாப்பாட்டிலும் துணியிலும் இல்லை. சின்ன மாமா மகள் கல்யாணத்துக்கு 20,000, தம்பியின் ஆட்டோ லீசிங் தவணைக்கு 12,000. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையிடம் வீடு கேட்கும், நம்மால் இல்லை என்று சொல்லவும் முடியாது. ஊருக்கு வந்து குறைந்த சம்பளம் வாங்கும்போது, "அதான் வங்கியில அறுபது லட்சம் சும்மா கிடக்குதே" என்ற பேச்சு கட்டாயம் வரும். நான் பார்த்தவரை கோஸ்ட் கணக்குகள் உடைவது வட்டி குறைவதால் அல்ல, இந்த ஒரு பேச்சால்தான்.

இதற்கு நான் கண்ட வழி, உதவிக்கென்று மாதச் செலவுப் பட்டியலிலேயே ஒரு வரி போட்டுவிடுவது. தங்கச்சி 5,000 போட்டாள். அந்த மாதம் அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான். மொத்தத் தொகை எவ்வளவு என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. "50 வயசுக்குத்தான் எடுக்க முடியும்" என்று சொன்னால் போதும், பெரும்பகுதி ஈபிஎப்பில் இருப்பதால் அது ஏறக்குறைய உண்மையும்கூட. யாருடைய கடனுக்கும் பிணை நிற்கக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதினோம்.

புதிய இடத்திலும் ஈபிஎப் கேளுங்கள். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதலாளி கட்ட வேண்டும் என்பது சட்டம். 25,000க்கு மாதம் 5,000 உள்ளே போகும். அது கோஸ்ட் கணக்கில் சேராத உபரி, 2022 போல ஒரு வருடம் மறுபடி வந்தால் தாங்குவதற்கு.

வருடத்துக்கு ஒரு நாள்

ஒவ்வொரு சித்திரையிலும் இந்தக் கொப்பியைத் திறக்க வேண்டும். அந்த வருடம் உண்மையில் செலவான மாதத் தொகையை எழுதி, 60 வயதுக் கணக்கைப் புதிய விலையில் மறுபடி போட்டு, மேலே உள்ள விரிதாள் வரியில் 24க்குப் பதிலாக மிஞ்சியிருக்கும் வருடத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். கையில் இருப்பது கோஸ்ட் தொகையைவிட 10 வீதத்துக்குள் குறைந்தால் பதற வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம். 20 வீதத்துக்கு மேல் குறைந்தால், அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து குறைந்தால், மீண்டும் கொஞ்ச காலம் மிதிக்க வேண்டும். அதற்காகக் கணக்கு வேலைத் திறனைத் துருப்பிடிக்க விடக் கூடாது. டவுன் கடைகளின் கணக்கு அவளுக்கு வருமானம் மட்டுமல்ல, அந்தத் திறனை உயிரோடு வைத்திருக்கும் வழியும் அதுதான்.

16 மாதம் என்றால் அடுத்த வருடம் ஆகஸ்ட். முன்பள்ளி ஜனவரியில்தான் புது வகுப்பு எடுக்கிறது என்பதால் அவள் டிசம்பர்வரை கொழும்பில் இருப்பது என்று முடிவு செய்தாள். அந்த நான்கு மாதத்தில் கூடுதலாகச் சேரும் மூன்றரை லட்சத்துக்குக் கொப்பியின் கடைசி வரியில் பெயரும் எழுதிவிட்டாள்: கூரைத் தகரம்.